டிரைவர் குடித்திருக்கவில்லை

ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஏஜெண்டாக இருந்தேன். எங்களைப் போன்ற ஊர்களில் ஏஜெண்டே நிருபராகவும் இருப்பது அப்போது வழக்கம். காலையில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டைப் பிரித்து வீடு வீடாகப் போடுகிறவனும் நான்தான், மாலையில் ஊரில் நடந்ததை எழுதிச் சேலத்துக்கு அனுப்புகிறவனும் நான்தான். அச்சில் என் பெயர் வராது. ‘நமது நிருபர்’ என்று வரும். அந்த இரண்டு வார்த்தைக்காகச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஓடியிருக்கிறேன். என் மனைவி என்னை ‘நமது நிருபர்’ என்று கூப்பிடுவதும் உண்டு, கோபம் வந்தால் மட்டும்.

யாரும் கொடுக்காத இன்னொரு வேலையையும் நான் செய்துவந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தினமும் காலை ஏழு மணிக்குப் பத்திரிகையை உரக்க வாசிப்பேன். எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். பேச்சு வரும், எழுத்து வராது. வண்டிக்காரர்களும் சந்தைக்கு வந்தவர்களும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். உள்ளூர்ச் செய்தி வந்த அன்று என் குரல் தானாகவே இரண்டு கட்டை உயரும். எழுதினவனே வாசிக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும் என்றுதான் வாசித்தேன்.

ஒரு நாள் மாலை நான்கு மணி இருக்கும். பாகலூரிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ் வழியில் கவிழ்ந்துவிட்டது என்று சைக்கிளில் வந்த ஒருவன் சொன்னான். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஊருக்கு ஐந்து மைல் இருக்கும்போது, சாலை வளைகிற இடத்தில் பஸ் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வளைவில் திருப்பியதற்கு அடையாளமே இல்லை. காயம்பட்டவர்களை ராகி வயல் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெரியவரின் முகத்தை அவருடைய துண்டாலேயே மூடியிருந்தார்கள்.

நான் காயம்பட்டவர்களை எண்ணினேன். பதினொன்று. டிரைவர் எங்கே என்று கேட்டேன். காணோம் என்றார்கள். சாய்ந்து கிடந்த பஸ்ஸில் டிரைவர் இருக்கைப் பக்கம் தலையை நுழைத்தேன். சாராய வாடை குப்பென்று அடித்தது. இருக்கைத் துணி நனைந்திருந்தது. அங்கே மாட்டியிருந்த அவருடைய துணிப்பையும் நனைந்திருந்தது.

அந்தக் காலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மதுவிலக்கு. குடித்தாலே சிறை. பாகலூரைத் தாண்டி மைசூர் எல்லைக்குள் போனால் கடை உண்டு. அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறவன் மேல் எங்கள் ஊருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. எல்லைப் பக்கம் போய்வரும் பஸ்ஸின் டிரைவர். இருக்கையில் சாராயம். ஆள் இல்லை. கணக்கு எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் அங்கே நான் செய்த உருப்படியான காரியம். பிறகு ஏரிக்கரை ஒற்றையடிப் பாதை வழியாகக் குறுக்கே சைக்கிளை விட்டேன். தந்தியில் தமிழ் போகாது, ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். என் ஆங்கிலம் சுருக்கமானது. பஸ் கவிழ்ந்தது, ஒருவர் சாவு, பதினொருவர் காயம், டிரைவர் குடிபோதை, தப்பியோட்டம். இவ்வளவுதான் எழுதினேன். ‘குடித்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது’ என்று எழுத ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். போடவில்லை. போட்டால் செய்தியின் சூடு குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை இரண்டாம் பக்கத்தில் மேலே, தலைப்பிட்டு வந்திருந்தது. குடிபோதையில் டிரைவர், பஸ் கவிழ்ந்து ஒருவர் பலி. டீக்கடையில் அதை வாசித்தேன். ‘குடிபோதையில்’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் வாசித்தேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் பத்திரிகை வாங்கினார்கள். அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைத்துப் பயனில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கிறவள். கையில் அரிவாள் இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். அந்த டிரைவரின் மனைவி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

“பேப்பர்ல எழுதுனது நீங்கதானாண்ணா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“எங்க வூட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. இருக்கையில் வாடை அடித்தது என்றேன்.

“பதினாலு வருசமா நான் அவருகூட வாழறேன். நீங்க அவரப் பார்க்கவே இல்ல. ஓடிட்டாருன்னு வேற எழுதிட்டீங்க. கல்லு ஏத்தற லாரியக் கூட்டியாரத்தாண்ணா ஓடுனாரு. அந்த லாரியிலதான் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாரு. போலீசு டாக்டர வெச்சு அன்னிக்கே சோதிச்சுப் பார்த்துச்சு. டாக்டர நீங்க கேட்டீங்களா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். பஸ் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். பத்திரிகையில் என் செய்தியைக் கத்தரித்து, கடிதத்தோடு சேர்த்து, சேலத்தில் லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்பியிருந்தாராம். லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு, விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. லைசென்ஸ் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. பத்து வயதில் கிளீனராக ஏறினவர்.

‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பார்கள். மூக்கால் முகர்ந்ததை அதில் சேர்க்காமல் விட்டது எனக்காகத்தான் போலும். அன்று பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி தந்தி ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம். தந்தி கொடுக்கும் முன் பத்து நிமிஷம் நின்றிருந்தால் லாரி அந்த வாசலிலேயே வந்து நின்றிருக்கும்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சர்டிபிகேட்ட போலீசுக்குக் குடுத்தாச்சு. அத உங்களுக்குக் காட்ட எனக்கு அதிகாரம் இல்ல. என்ன சோதிச்சேங்கறத மட்டும் சொல்றேன். மூச்சுல வாடை இல்ல. கண்ணு சரியா இருந்துச்சு. கோட்டுல நடக்கச் சொன்னேன், நடந்தான். பேச்சு தெளிவு. சட்டையில மட்டும் வாடை. சட்டை குடிக்காதுய்யா,” என்றார்.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட்டைக் காட்டினார். சாராயம் எங்கிருந்து வந்தது என்ற கதையையும் அவர்தான் சொன்னார். சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லையிலிருந்து கடத்திவருவது அங்கே பழைய வித்தை. டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் இடுப்பில் அப்படி ஒரு டியூப். பஸ் சாய்ந்ததும் டியூப் வெடித்து முன்னால் பீறிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் விலா எலும்புக்குக் கட்டுப் போடும்போது, கிழிந்த டியூபை எடுத்துப் போலீசிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் எண்ணிய பதினொருவரில் அவனும் ஒருவன்.

அதற்குள் பிரேக் இன்ஸ்பெக்டரும் சேலத்திலிருந்து வந்து பஸ்ஸைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வண்டிகளைச் சோதிக்கிற அரசாங்க மோட்டார் இன்ஸ்பெக்டரை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கும் ராடு மூட்டில் கழன்றிருந்தது என்று எழுதியிருந்தார். டிரைவர் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் திரும்பியிருக்காது.

இப்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதை வைத்து நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘பஸ் விபத்து: ஸ்டீரிங் ராடு கழன்றதே காரணம்’ என்று புதிதாக ஒரு செய்தி எழுதிச் சேலத்துக்கு அனுப்பினேன். முதல் செய்தியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. உண்மையும் வெளியே வந்துவிடும், நானும் தப்பித்துக்கொள்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் சோறும் பெரியதாக இருப்பதாக எண்ணிக்கொண்டேன்.

செய்தி வரவில்லை. தபாலில் கடிதம் வந்தது. எங்கள் வட்டாரச் செய்திகளைப் பார்த்த உதவி ஆசிரியர் எழுதியிருந்தார். அவரை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். என்னைவிட எட்டு வயது சின்னவர், அப்போதுதான் மீசை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம்.

‘நீங்கள் முதலில் டிரைவர் குடித்திருந்தார் என்றீர்கள். இப்போது ராடு கழன்றது என்கிறீர்கள். இரண்டையும் படிக்கிறவர், குடித்தும் இருந்தார், ராடும் கழன்றது என்றுதான் நினைப்பார். முதலில் சொன்னதில் எதைத் திரும்பப் பெறுகிறீர்கள்? எது இன்னும் சரி? உங்களுக்கு இப்போது எப்படித் தெரிந்தது? முன்பு ஏன் தவறியது? இந்த நான்கும் இல்லாமல் நான் போடமாட்டேன்.’

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறானே என்று. கடிதத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே எறிந்தேன். இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

“அவரு கேட்டதுல எது தப்பு?”

“கேட்ட தோரணை,” என்றேன்.

“தோரணையத் தள்ளிட்டு மிச்சத்துக்குப் பதில் எழுதுங்க,” என்று மோரை ஊற்றினாள்.

அலமாரிக்கு மேலிருந்து கடிதத்தை எடுத்து நீவினேன். மறுநாள் எழுத உட்கார்ந்தேன். எதைத் திரும்பப் பெறுவது என்பது எளிதாக இருந்தது. எப்படித் தெரிந்தது என்பதும் எளிது. ஏன் தவறியது என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘போலீஸ் வட்டாரத்தில் கூறப்பட்டதன் பேரில் அவ்வாறு வெளியிட நேர்ந்தது’ என்று எழுதினேன். படிக்கக் கௌரவமாக இருந்தது. சரிபார்க்க சப் இன்ஸ்பெக்டரிடம் எடுத்துப் போனேன்.

அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“எங்க ஆளுங்க யாருய்யா உன்கிட்டச் சொன்னது? நீ அன்னிக்கு ஸ்டேசனுக்கே வரலியே.”

உண்மைதான். ஒரு பொய்யைத் திருத்தப் போய் இன்னொன்றைச் சேர்க்கப் பார்த்தேன். அந்த டியூப்காரனைப் பற்றி எழுதியிருந்த வரியையும் அவர் காட்டினார். அவன் கடத்தல்காரன் என்று எழுதியிருந்தேன்.

“கேஸ் இன்னும் கோர்ட்டுக்குப் போகல. இன்னொருத்தன இப்பவே உள்ள தள்ளிடாத,” என்றார். அதையும் மாற்றினேன். பஸ் முதலாளியின் அஜாக்கிரதை என்று ஒரு வரி இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் ராடு கழன்றது என்றுதான் எழுதியிருந்தார், யாருடைய அஜாக்கிரதை என்று எழுதவில்லை. அதை நானே அடித்தேன்.

முதலாளி விஷயம் அத்தோடு போகவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையை நான் கேட்டுக்கொண்டு போனது முதலாளி காதுக்கு எட்டியிருந்தது. அவருடைய மேனேஜர் என்னைப் பார்க்க வந்தார். என் பத்திரிகைக் கட்டு கிருஷ்ணகிரியிலிருந்து வருவது அந்த முதலாளியின் முதல் பஸ்ஸில்தான்.

“செத்தவரு செத்துட்டாரு. டிரைவரு குடிச்சாரா இல்லையான்னு ஊரு மறந்துரும். நீ எதுக்குக் கிளறிக்கிட்டு இருக்கற? நாளைக்கு எங்க வண்டியில இடம் இல்லன்னா உன் கட்டு எப்படி வரும்?” என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை. அக்கறையாகவே சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கட்டு நேரத்துக்கு வராவிட்டால் என் ஏஜென்சி நிற்காது. அன்று பகல் முழுக்க எழுதிய காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஊர் மறந்துவிடும் என்று அவர் சொன்னது எனக்கு இனிப்பாகக்கூட இருந்தது. ஆனால் லைசென்ஸ் அதிகாரியின் மேஜையில் என் செய்தி கத்தரித்து வைக்கப்பட்டிருந்தது. கத்தரித்து வைத்த காகிதம் மறக்காது. விசாரணைக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. மாலை நான்கு மணிக்குத் தபால்பெட்டியில் போட்டேன். போட்டபின் கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று ஒரு கணம் பார்த்தேன்.

முதல் செய்தி வந்த அதே இரண்டாம் பக்கத்தில், அதே இடத்தில், கட்டம் கட்டி வந்தது. சேலத்துச் சின்னவர் என் எழுத்தைச் செதுக்கியிருந்தார், ஆனால் விஷயத்தில் கை வைக்கவில்லை. அது இது:

‘திருத்தம். பாகலூர் சாலையில் பஸ் கவிழ்ந்தது பற்றி முன்பு வெளியிட்ட செய்தியில், டிரைவர் குடிபோதையில் இருந்தார் என்றும் விபத்துக்குப் பின் தப்பி ஓடினார் என்றும் எழுதியிருந்தோம். இரண்டும் தவறு. அன்று மாலையே அவரைச் சோதித்த அரசாங்க டாக்டர், அவர் மது அருந்தியிருக்கவில்லை என்று சான்று அளித்துள்ளார். டிரைவர் இருக்கையில் இருந்த சாராயம் பயணி ஒருவரிடமிருந்து சிந்தியது என்று போலீசார் தெரிவிக்கின்றனர். டிரைவர் ஓடவில்லை. காயமடைந்தவர்களுக்காக லாரி கொண்டுவரப் போயிருந்தார், அவர்களுடன் அதே லாரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நமது நிருபர் இருக்கையில் வந்த வாடையையும் டிரைவர் அங்கே இல்லாததையும் வைத்துத் தாமாகவே முடிவு செய்து எழுதினார். டாக்டரையோ போலீசாரையோ விசாரிக்கவில்லை. பஸ்ஸைப் பார்வையிட்ட மோட்டார் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் ஸ்டீரிங் ராடு கழன்றிருந்தது என்று உள்ளது. ஒருவர் இறந்ததும் பதினொருவர் காயமடைந்ததும் முன்பு எழுதியபடி சரியே. தவறுக்கு வருந்துகிறோம்.’

அன்றைய கட்டை அந்த முதலாளியின் பஸ்ஸே கொண்டுவந்து போட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கட்டைப் பிரித்துக் கொண்டிருந்தபோது டிரைவரின் மனைவி வந்தாள். இம்முறை கையில் அரிவாள் இல்லை. கட்டத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்க வராது. வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் அசையாமல் கேட்டாள்.

“அந்த டீக்கடையில வாசிப்பீங்களா?” என்றாள்.

நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசை. நினைத்துப் பார்த்திருந்தேன். அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்திருந்தேன்.

“அன்னிக்கு அங்க கேட்டவங்கதாண்ணா எங்க தெருவெல்லாம் சொன்னாங்க. அவங்க யாரும் பேப்பர் படிக்கறவங்க இல்ல,” என்றாள்.

ஏழு மணிக்குக் கடையில் நின்றேன். வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். அவள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு மனிதர் தலை குனிந்து நின்றிருந்தார். டிரைவரை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். தாடி வளர்ந்திருந்தது. மெலிந்த ஆள்.

முதல் செய்தியை எப்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தேனோ அப்படியே இதையும் வாசித்தேன். ‘இரண்டும் தவறு’ என்ற இடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசித்தேன். ‘நமது நிருபர் தாமாகவே முடிவு செய்து’ என்ற இடம் வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது. ஒரு வண்டிக்காரர், “சாமி, கேக்கல,” என்றார். கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே கேட்கவில்லையா என்று இன்றுவரை தெரியாது. மறுபடியும் உரக்க வாசித்தேன்.

“அப்போ அன்னிக்கு நீ வாசிச்சது?” என்றார் டீக்கடைக்காரர்.

“தப்பு. நான் போட்ட தப்பு,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வண்டிக்காரர் எழுந்துபோய், சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து பெஞ்சியில் உட்கார வைத்தார். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு கிளாசை அவர் கையில் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

மறுநாளிலிருந்து அந்த முதலாளியின் பஸ்ஸில் என் கட்டுக்கு இடமில்லை. வேறு கம்பெனி பஸ்ஸில் பத்து மணிக்கு வந்தது. சில வீடுகள் பத்திரிகையை நிறுத்தின. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் நிறுத்தின. ‘தப்பைத் தப்புன்னு போடறான், மத்ததும் உண்மையா இருக்கும்’ என்று ஒரு வீட்டில் பேசிக்கொண்டார்களாம். என் மனைவி கேட்டுவந்து சொன்னாள். அந்த ஒரு வாரம் அவள் என்னை ‘நமது நிருபர்’ என்று கூப்பிடவே இல்லை.

சின்னவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஆபீசில் சேர்த்துக் கட்டி வைக்கும் பிரதியில், பழைய செய்தியின் ஓரத்தில், இது தவறு, திருத்தம் இன்ன தேதியில் என்று சிவப்பு மையில் எழுதிவைத்துவிட்டதாகத் தெரிவித்திருந்தார். பிற்காலத்தில் யாராவது பழைய தாளைப் புரட்டினால் அவர்களும் ஏமாறக் கூடாதாம். அந்த அளவுக்கு எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவருக்கு நான் எழுதிய பதிலில் முதல் வரியே நன்றிதான். மீசை பற்றி நினைத்ததற்கு மன்னிப்பையும் சேர்த்துக்கொண்டேன், மனதுக்குள்.

விசாரணைக்கு டிரைவர் இரண்டு தாளையும் எடுத்துப் போனார். திரும்பி வந்த அன்று நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“ஆபீசரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சாருங்க. ரெண்டாவதுல, மொதல்ல என்ன எழுதுனாங்க, இப்ப எது மாறிச்சு, யாரு சொல்லி மாறிச்சுன்னு எல்லாம் இருக்குதுல்லீங்க. டாக்டரு சர்டிபிகேட்ட போலீசுகிட்ட இருந்து வரவழைச்சு ஒத்துப் பார்த்துக்கிட்டாரு. பேப்பருக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்லன்னாரு. லைசென்சத் திருப்பிக் குடுத்துட்டாருங்க,” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறகு எனக்கு நன்றி சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பறித்ததை நானே திருப்பிக் கொடுத்ததற்கு நன்றியா? அவருக்கு, அவர் மனைவிக்கு, அந்த டாக்டருக்கு, என் பொய்யான வரியில் விரலை வைத்த சப் இன்ஸ்பெக்டருக்கு நான்தான் கடன்பட்டவன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கூச்சப்பட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற கம்பெனியில வேலை கெடைக்கும்போல இருக்குதுங்க,” என்றார். “அதுக்கு முன்னால ஒரு காரியம் இருக்குது. செத்துப்போனாரே பெரியவரு, பாகலூர்ப் பக்கம் அவங்க ஊரு. பதினாறாம் நாளுக்குக்கூட நான் போகல. குடிச்சுட்டுக் கொன்னவன்னு பேரு எடுத்துட்டு எந்த முகத்தோட போறதுன்னு இருந்துட்டேன். நாளைக்குப் போறேன்.”

நானும் வருகிறேன் என்றேன். மறுநாள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன்.

பெரியவரின் மகன் வாசலில் நின்றிருந்தார். டிரைவரைக் கண்டதும் முகம் இறுகியது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பஸ்ஸைப் பற்றி எழுதினவன் நான்தான் என்று சொன்னேன். எழுதியதில் தவறு இருந்தது, அதை வாசிக்க வந்திருக்கிறேன் என்றேன். நின்றபடியே வாசித்தேன். டீக்கடையில் உள்ளே போன குரல் அங்கே போகவில்லை. ‘ஒருவர் இறந்தது முன்பு எழுதியபடி சரியே’ என்ற வரியில்தான் திணறினேன்.

மகன் பத்திரிகையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்க வருமா என்று தெரியவில்லை. பிறகு உள்ளே போனார். டிரைவர் போய்விடலாம் என்று என் கையைத் தொட்டார். மகன் ஒரு சொம்பு தண்ணீரோடு வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய், டிரைவரிடம் நீட்டினார்.